உரலின் நிறம்

திருநெல்வேலியில் என் தந்தையார் தொடங்கிய படக்கடையை 31 ஆண்டுகளாக நான் நடத்தி வருகிறேன். சாமி படங்களுக்கும் மறைந்தவர்களின் படங்களுக்கும் பிரேம் போட்டுக் கொடுப்பதுதான் எங்கள் தொழில். பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்து சீராக்கித் தரும் வேலை பின்னாளில் சேர்ந்துகொண்டது. சென்ற ஆனி மாதம் ஒரு படத்தைப் பிரிக்கும்போது அதன் பின்னால் கிடைத்த இன்னொரு படத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அந்தப் படத்துக்கு உரியவரிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை.

நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி தம் தந்தையின் படத்தைக் கொண்டுவந்திருந்தார். கறுப்பு வெள்ளைப் படம், 12-க்கு 15 அங்குலம். தேக்குப் பிரேம் நன்றாகவே இருந்தது. ஆனால் கண்ணாடியின் உட்புறம் பூஞ்சை படர்ந்து, தந்தையின் நெற்றியில் சாம்பல் தூவியதைப் போலத் தெரிந்தது. பிரேமை அப்படியே வைத்துக்கொண்டு கண்ணாடியையும் பின்னட்டையையும் மட்டும் மாற்றித் தரும்படி கேட்டுவிட்டு, மறுநாள் வருவதாகச் சொல்லிச் சென்றார்.

பழைய பிரேமைப் பிரிப்பதில் நான் மிகுந்த கவனம் எடுத்துக்கொள்வேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. கடைக்கு வந்த முதல் ஆண்டில், ஒரு படத்தின் பின்னால் நான்காக மடித்துச் செருகியிருந்த தாளை, கண்ணாடி ஆடாமல் இருக்கத் திணித்த காகிதம் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து அந்த வீட்டுப் பெரியவர் வந்து கேட்டார். அது அவர் மனைவியின் கையெழுத்தில் எஞ்சியிருந்த ஒரே கடிதம். அவர் கோபப்படவில்லை, சிறிது நேரம் கடைப் பலகையில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து, பிரேமுக்குள் இருந்து எது வந்தாலும், துணுக்குக் காகிதமாக இருந்தாலும், பில் எண்ணை எழுதிய உறையில் போட்டு வாடிக்கையாளரிடம் காட்டிய பிறகே மற்றதை முடிவு செய்கிறேன்.

பின்னால் ஒட்டியிருந்த பழுப்புக் காகிதத்தைப் பிளேடால் கீறி, துருப்பிடித்த ஆணிகளைக் குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, வைக்கோல் அட்டையைத் தூக்கியபோது, அட்டைக்கும் தந்தையின் படத்துக்கும் இடையில் ஒரு சிறிய வண்ணப் படம் முகம் குப்புறக் கிடந்தது. மூன்றரைக்கு ஐந்து அங்குலம். அந்தக் காலத்து ஸ்டூடியோக்கள் விரும்பிய சொரசொரப்பான 'சில்க்' தாள். ஓர் ஓரத்தை ராமபாணப் பூச்சி அரித்திருந்தது. திருப்பிப் பார்த்தேன். படம் முழுவதும் செம்மண் கரைத்து ஊற்றியதைப் போல இருந்தது. ஒரு வீட்டின் முற்றத்தில், நான்கு வயதிருக்கும் ஒரு பெண் குழந்தை சம்மணமிட்டு உட்கார்ந்து, சொப்பு உரலில் உலக்கையால் எதையோ இடித்துக்கொண்டிருந்தது. பின்னால் வெள்ளையடித்த சுவர். சுவரில் ஆணியில் மாட்டிய ஒரு துணிப்பை. வலப்பக்கம் ஒரு செம்பருத்திச் செடி.

மறுநாள் அந்தப் பெண்மணி வந்ததும் உறையைக் கொடுத்தேன். படத்தை வெளியில் எடுத்த அவர், நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

"அண்ணாச்சி, இது எங்க இருந்துச்சு?"

"அப்பா படத்துக்குப் பின்னாலம்மா. அட்டைக்கும் படத்துக்கும் நடுவுல."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, படத்தை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு மெல்லச் சொல்லத் தொடங்கினார். அந்த உரல் அம்பாசமுத்திரத்துச் சொப்பு. அவருடைய தந்தை வாங்கிக் கொடுத்தது. அவர்கள் அப்போது அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஆற்றை ஒட்டிய தெருவில் குடியிருந்தார்கள். 1992 நவம்பரில் தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்தபோது வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தவை எல்லாம் போய்விட்டன. பரணில் இருந்த ஆல்பம் தப்பியது. சொப்பு சாமான்கள் தரையோடு இருந்த ஒரு மரப்பெட்டியில் இருந்ததால் பெட்டியோடு போயின. தந்தை 2001-இல் காலமானார். அவர் படத்துக்குப் பிரேம் போட்டபோது, தாயார்தான் இந்தப் படத்தை ஆல்பத்திலிருந்து எடுத்துப் பின்னால் வைத்திருக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். தாயாரும் இப்போது இல்லை.

பிறகு அவர் கேட்ட கேள்வி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. படத்தைப் புதிதாக்கித் தரும்படி அவர் கேட்கவில்லை. "உரல் என்ன நிறம்னு இதுல தெரியுமா?" என்றுதான் கேட்டார். அவருக்கும் அவருடைய அக்காவுக்கும் இடையில் இது வெகுநாள் வழக்கு. உரல் பச்சை என்பது இவர் நினைவு. மஞ்சள் என்பதில் அக்காவுக்குச் சந்தேகமே கிடையாது. குற்றாலத்துக்குப் போகும்போதெல்லாம் இருவரும் சொப்புக் கடைகளின் முன்னால் நின்று இதையே பேசுவார்களாம். இப்போது கையில் கிடைத்த படமோ அக்காவின் பக்கம் நின்றது. அதில் உரல் கடுகு மஞ்சளாகத்தான் தெரிந்தது. உரலைச் சுற்றியிருந்த இரண்டு வளையங்கள் மட்டும் சிவப்பாக இருந்தன.

நான் உடனே பதில் சொல்லவில்லை. படத்தில் செம்பருத்தி இலைகளும் கடுகு மஞ்சளாகவே இருந்ததை அவருக்குக் காட்டினேன். செம்பருத்தி இலை பச்சை என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது. ஆகவே அந்தப் படத்தில் மஞ்சளாகத் தெரியும் ஒரு பொருள் உண்மையிலேயே மஞ்சளாகவும் இருந்திருக்கலாம், பச்சையாகவும் இருந்திருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறதா என்று பார்க்க இரண்டு நாள் அவகாசம் கேட்டேன்.

வழி இருக்கும் என்று நான் நம்பியதற்குக் காரணம், வண்ணப் படம் வெளுப்பதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்பதுதான். அக்காலத்து வண்ணப் படத்தில் மூன்று சாயங்கள் அடுக்கடுக்காக இருக்கும்: மஞ்சள், மெஜந்தா என்கிற கருஞ்சிவப்பு, சயான் என்கிற பசுநீலம். மூன்றும் சேர்ந்தால் கறுப்பு. மஞ்சளும் மெஜந்தாவும் சேர்ந்தால் சிவப்பு. மஞ்சளும் சயானும் சேர்ந்தால் பச்சை. இந்த மூன்றும் ஒரே வேகத்தில் அழிவதில்லை. வெயில் படும்படி மாட்டிய படத்தில் பெரும்பாலும் மெஜந்தா முதலில் போகும். ஆல்பத்துக்குள்ளோ பெட்டிக்குள்ளோ இருட்டில் கிடந்த படத்தில், அதிலும் நம் ஊர் வெக்கையில், 1970-களிலும் 80-களின் தொடக்கத்திலும் வந்த தாள்களில், சயான்தான் முதலில் போகும். 80-களின் நடுவிலிருந்து வந்த தாள்களில் அந்தச் சாயம் மேம்பட்டுவிட்டது. அதனால்தான் ஒரே ஆல்பத்தில் அக்காவின் காதுகுத்துப் படம் செக்கச்சிவந்தும், தம்பியின் காதுகுத்துப் படம் ஓரளவு நிறத்தோடும் இருப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். சயான் போய்விட்டால் கறுப்பு முடி செம்பட்டையாகும், பச்சை மஞ்சளாகும், சிவப்பும் மஞ்சளும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். இந்தப் படம் இருட்டில் இருந்து வெளுத்தது என்பதற்கு அதன் செம்மண் நிறமே சாட்சி.

சயான் போய்விட்டது என்று சொன்னாலும், முழுவதுமாகப் போய்விடுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்கலாக எஞ்சியிருக்கும். அந்த மிச்சம் உரலின் மேல் இருக்கிறதா இல்லையா என்பதைப் பார்த்துவிட்டால் போதும். இருந்தால் பச்சை, இல்லையென்றால் மஞ்சள்.

சயான் சாயம் சிவப்பு ஒளியை விழுங்கும். மஞ்சள் சாயமும் மெஜந்தாவும் சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் தடுப்பதில்லை. ஸ்கேன் செய்த படத்தில் சிவப்பு, பச்சை, நீல ஒளிகளின் அளவுகள் சேனல் என்கிற தனித்தனி அடுக்குகளாகப் பதிந்திருக்கும். ஆகையால் சிவப்புச் சேனலை மட்டும் பிரித்துக் கறுப்பு வெள்ளையாகப் பார்த்தால், அதில் இருட்டாகத் தெரிகிற இடமெல்லாம் சயான் இருந்த இடம். இன்னொரு நன்மையும் உண்டு. வைக்கோல் அட்டையின் அமிலம் படத்தில் இறக்கியிருந்த பழுப்புக் கறை முக்கியமாக நீலச் சேனலைத்தான் கெடுக்கும், சிவப்புச் சேனலைத் தொடுவது குறைவு.

ஸ்கேன் செய்வதில்தான் பலர் தவறுகிறார்கள். ஸ்கேனரின் தானியங்கித் திருத்தங்கள் அனைத்தையும் அணைத்துவிட்டு, ஒரு சேனலுக்கு 16 பிட் என்று வைத்து எடுக்க வேண்டும். மிகக் குறுகிய ஒரு வேறுபாட்டை இழுத்து விரிக்கப் போகிறோம். 8 பிட்டில் எடுத்தால் இழுக்கும்போது படிப்படியாகத் திட்டுத்திட்டாக உடைந்துவிடும். நான் 1200 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 1200 புள்ளிகள் என்ற அளவில் எடுத்தேன். படத்தில் உரலின் உயரம் 9 மில்லிமீட்டர்தான், அதன் சிவப்பு வளையம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். இந்த அளவில் ஒரு வளையத்துக்கு 47 புள்ளிகள் கிடைக்கும். சில்க் தாளின் மேடுகள் ஸ்கேனர் விளக்கில் மினுங்கிப் படம் முழுவதும் வெள்ளைப் பொட்டுகள் விழும் என்பதால், ஒரு முறை நேராகவும் ஒரு முறை தலைகீழாகவும் எடுத்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி எடுத்தேன். மினுக்கம் இரண்டிலும் வெவ்வேறு பக்கம் விழுவதால் பெருமளவு அடங்கிவிடும்.

பிறகு கிம்ப் மென்பொருளில் சிவப்புச் சேனலைத் தனியாக எடுத்து, இடம் இடமாக அளந்தேன். கறுப்பு 0, வெள்ளை 255 என்ற கணக்கில், சுவர் 232 காட்டியது. குழந்தையின் தலைமுடி 141. முடி இவ்வளவு வெளிறியிருக்கக் கூடாது. சயான் எவ்வளவு போய்விட்டது என்பதற்கு அதுவே அளவு. செம்பருத்தி இலைகள் 186. சுவரில் மாட்டியிருந்த துணிப்பையைப் பார்த்தேன். அது நம் ஊர்க் கல்யாண வீடுகளில் தாம்பூலம் போட்டுக் கொடுக்கும் மஞ்சப்பைதான் என்பது அதன் மேல் அச்சடித்திருந்த எழுத்துகளின் அமைப்பிலிருந்து தெரிந்தது. அதன் அளவு 229, ஏறக்குறைய சுவருக்குச் சமம். அதாவது, வெறும் கண்ணுக்கு ஒரே கடுகு மஞ்சளாகத் தெரிந்த இலையும் பையும் இந்தச் சேனலில் தெளிவாகப் பிரிந்து நின்றன. அடுத்து உரலின் உடல். 189.

அந்த எண்ணைப் பார்த்தவுடன் எனக்குள் எழுந்த மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அதோடு நிறுத்தியிருந்தால் தவறு. மஞ்சப்பை வெயிலில் தொங்கியது, உரலோ குழந்தையின் மடி நிழலில் இருந்தது. நிழலும் சிவப்புச் சேனலை இருட்டாக்கும். மஞ்சள் உரல் நிழலில் இருந்தாலும் 189 காட்டக்கூடும். ஆகவே, உரலுக்குப் பக்கத்தில், அதே நிழலில், நிறம் ஐயமில்லாமல் தெரிந்த ஒரு பொருள் வேண்டியிருந்தது. அதை உரலே வைத்திருந்தது. உடலைச் சுற்றியிருந்த சிவப்பு வளையங்கள்தான் அது.

இந்த இடத்தில் சொப்பு செய்யும் முறை எனக்கு உதவியது. அம்பாசமுத்திரத்தில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் ஒருவரை எனக்கு நெடுநாளாகத் தெரியும். கடைசல் இயந்திரத்தில் மரம் சுழன்றுகொண்டிருக்கும்போது, நிறம் கலந்த அரக்குக் கட்டியை அதன் மேல் அழுத்திப் பிடிப்பார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறும். தூரிகையால் பூசிய வண்ணத்தைப் போல அது ஓர் இடத்தில் கனத்தும் ஓர் இடத்தில் மெலிந்தும் இருக்காது. சுழற்சியோடு ஏறுவதால் உடல் முழுவதும் ஒரே நிறம், வளையங்களின் விளிம்பும் கத்தியால் வெட்டியதைப் போல இருக்கும். ஆகையால் வளையத்தில் அளந்தால் வளையத்தையே அளக்கிறோம், பக்கத்து நிறம் கலந்துவிடவில்லை என்று நம்பலாம். ஒரு தடங்கலும் உண்டு. கடைசியில் தாழை மடலை வைத்துத் தேய்த்து மெருகேற்றுவதால் உரலின் ஒரு பக்கத்தில் நெடுக ஒரு பளபளப்புக் கோடு விழுந்திருந்தது. அந்தக் கோட்டில் அளந்தால் வானத்தின் வெளிச்சத்தைத்தான் அளப்போம். அதை விட்டுவிட்டு, அதற்கு இடப்புறம், மேலிருந்து கீழாக ஒரே நேர்கோட்டில் அளந்தேன். உடல் 189. மேல் வளையம் 221. இரு வளையங்களுக்கு நடுவில் மறுபடியும் உடல், 188. கீழ் வளையம் 219. சாயம் பூசாத வெறும் மர உலக்கை 222.

ஒரே உரல், ஒரே நிழல், ஒரே நேர்கோடு. சிவப்பில் சயான் இல்லை, வெறும் மரத்திலும் மிகக் குறைவு. உடலில் மட்டும் இருக்கிறது. இலைகளில் எவ்வளவு இருக்கிறதோ ஏறக்குறைய அவ்வளவு.

அதன் பிறகு படத்தைச் சீராக்குவது வழக்கமான வேலை. `Levels` பெட்டியில் சிவப்புச் சேனலைத் தேர்ந்து, முடியின் கருமைக்கும் சுவரின் வெண்மைக்கும் இடையில் உள்ளதை முழு அளவுக்கும் இழுத்து விரித்தேன். இதற்குப் பதிலாகப் படம் முழுவதற்கும் பசுநீலத்தைக் கூட்டினால், இலை பச்சையாவதற்கு முன்பே சுவர் நீலம் பாரித்துவிடும். வெளுத்த படங்களைத் திருத்தும்போது பலரும் செய்வது இதுதான். சேனலை விரித்தபோது சுவர் சுவராகவே இருந்தது. தலைமுடி கறுத்தது. இலைகளும் உரலும் ஒன்றாகப் பச்சைக்குத் திரும்பின. பை மஞ்சளாகவே நின்றது. விரித்ததால் படத்தில் மணல் தூவியதைப் போன்ற சொரசொரப்பு ஏறியது. இல்லாத தகவலைப் பெருக்கினால் அதுதான் கிடைக்கும். அதை நான் மழமழவென்று தேய்த்து மறைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து வந்தவரிடம் முதலில் எண்களைக் காட்டினேன், பிறகுதான் படத்தைக் காட்டினேன். படத்தை முதலில் காட்டினால் கண் அதையே நம்பிவிடும். நான் நிறத்தை மாற்றிவிட்டேனா, இருந்த நிறத்தைக் கொண்டுவந்தேனா என்பது படத்தைப் பார்த்தால் தெரியாது; எண்ணைப் பார்த்தால் தெரியும். அவர் ஆசிரியை. விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். நிழலைப் பற்றி அவரே கேட்டார். வளையங்களின் கணக்கைச் சொன்னதும் தலையசைத்தார்.

ஆனால் ஒன்றை அவரிடம் ஒளிக்காமல் சொன்னேன். உரல் பச்சை என்று என்னால் சொல்ல முடியும். எந்தப் பச்சை என்று சொல்ல முடியாது. தலைமுடியை முழுக் கறுப்பு என்று வைத்துத்தான் நான் இழுத்தேன். எண்ணெய் தடவிய முடி வெயிலில் சற்றே மினுங்கியிருந்தால் அந்தக் கணக்கு கொஞ்சம் மாறும், உரலும் கிளிப்பச்சைக்கோ இலைப்பச்சைக்கோ நகரும். ஆகவே மூன்று விதமாக அச்சடித்து மேசையில் வைத்தேன். அவர் யோசிக்காமல் நடுவில் இருந்ததை எடுத்தார். "இது உங்க நினைவும்மா, படம் சொன்னது இல்ல," என்றேன். "தெரியும் அண்ணாச்சி. நினைவாவே இருக்கட்டும்," என்றார்.

அங்கிருந்தே அக்காவுக்குத் தொலைபேசியில் பேசினார். அந்தப் பக்கம் பேசியது எனக்குக் கேட்கவில்லை. அக்காவிடம் ஆல்பத்தைப் பற்றி மட்டும் கேட்கச் சொன்னேன். இவர் விடுதியில் தங்கிப் படித்து, வேலைக்கும் வெளியூர் போய்விட்டவர். உள்ளூரிலேயே மணமான அக்கா, தாயார் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஆல்பத்தைப் புரட்டுவாராம், இந்தப் படத்தை அவர் பலமுறை பார்த்திருக்கிறாராம். எனக்கு அது போதுமான விளக்கமாகப் பட்டது. 1990-களில் படம் ஏற்கெனவே சிவந்திருக்கும், உரல் அதில் மஞ்சளாகத்தான் இருந்திருக்கும். உரல் வெள்ளத்தோடு போனபின், ஒருவர் உரலையும் மற்றவர் படத்தையும் நினைவில் வைத்திருந்தார்கள். இது என் ஊகம். சாயத்தை அளந்ததைப் போல இதை அளந்து சொல்ல முடியாது.

புதிய அச்சை என்ன செய்வது என்று கேட்டேன். ஒன்று அவருக்கு, ஒன்று அக்காவுக்கு. மூலப் படத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிடச் சொன்னார். "அம்மா வச்ச இடம்," என்றார்.

வைக்கோல் அட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு அமிலமில்லாத அட்டை போட்டேன். அரித்த ஓரத்தை அப்படியே விட்டு, சிறிய படத்தைப் பாலியெஸ்டர் உறையில் செருகி, தந்தையின் படத்துக்கும் பின்னட்டைக்கும் நடுவில், முன்பு கிடந்தபடியே முகம் குப்புற வைத்தேன். பின்னால் புதிய பழுப்புக் காகிதம் ஒட்டி, அதன் மூலையில் பென்சிலால், "உள்ளே ஒரு படம் உள்ளது, பிரிக்கும்போது கவனம்" என்று எழுதினேன். மேற்குச் சுவரில் மாட்ட வேண்டாம், மாலை வெயிலில் அந்தச் சுவர் சுடும் என்று சொல்லி அனுப்பினேன். ஹாலில் கிழக்குப் பக்கச் சுவரில் இடம் இருக்கிறது என்றார்.